பல்லாரி விலை ஏன் நான்கே மாதத்தில் நான்கு மடங்கு ஏறி, அப்புறம் அதே வேகத்தில் விழுகிறது?

மதுரை மெஸ்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கீழமாரட் வீதியில்தான் பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம், எடுப்பது. என் கேள்வி 2019 பற்றியது. பழைய நோட்டைப் புரட்டும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

ஆகஸ்ட் மாதம் கிலோ 30 ரூபாய் சுமாருக்கு எடுத்த பல்லாரியை டிசம்பர் முதல் வாரத்தில் 120 கொடுத்து எடுத்தேன். அதுவும் ஈரச் சரக்கு. பொங்கல் கழிந்ததும் மளமளவென்று இறங்கியது. அந்த வருடம் மழைக்காலத்தில் நடும் காரிப் பருவ விளைச்சல் கால்வாசி குறையும் என்று மத்திய அரசே சொன்னது. சரி, சரக்கு கால்வாசி குறைந்தால் விலை கால்வாசி ஏறட்டும், அரைவாசி கூட ஏறட்டும். நான்கு மடங்கு எப்படி? மீதிப் பணத்தை நடுவில் யார் எடுத்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தராசு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதுக்கல்தான். விளைச்சல் குறையும் என்று செய்தி வந்ததும் பெரிய வியாபாரிகள் குடோனைப் பூட்டிவிடுவார்கள். விலை உச்சிக்குப் போனதும் திறப்பார்கள். 2010 டிசம்பரிலும் இதே கதைதான். அதற்கப்புறம் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் ஆய்வு செய்ய வைத்தது. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்துச் சந்தைகளில் கொள்முதலில் பெரும்பங்கு சில பெரிய வியாபாரிகள் கையில் இருக்கிறது என்று அதில் வந்தது. விவசாயிக்கு ஒன்றும் போவதில்லை, நமக்கும் நஷ்டம். நடுவில் இருப்பவன்தான் தின்கிறான்.

மண்டிக் கணக்கு

தராசு ஐயா, நான் வெங்காயக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். 2019 செப்டம்பர் கடைசியில் இருப்புக் கட்டுப்பாடு வந்தது. மொத்த வியாபாரி 500 குவிண்டால், சில்லறை வியாபாரி 100 குவிண்டால், அதற்கு மேல் வைக்கக் கூடாது. டிசம்பரில் அதையும் பாதியாக்கினார்கள். 500 குவிண்டால் என்றால் 50 டன். இரண்டு லாரிச் சரக்கு, கொஞ்சம் கூடலாம். அவ்வளவுதான்.

அதை விடுங்கள். அந்த டிசம்பரில் வந்த மூட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்தால் கை ஈரமாகும். மேல் தோல் கையோடு வரும், கழுத்து காயாமல் பச்சையாக இருக்கும். நான்கு நாள் அடுக்கி வைத்தால் அடியில் இருக்கும் மூட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகும். எங்கள் மண்டியில் தரம் பிரித்து ஒதுக்கியதே ஒரு மூட்டைக்குப் பத்துக் கிலோ வரை போனது. இதை யாரால் பதுக்க முடியும்? வந்த அன்றே தள்ளிவிடத்தான் எல்லோரும் பார்த்தோம்.

லாசல்கான் பக்கம்

நான் தோட்டக்கலை படித்துவிட்டு நாசிக் மாவட்டத்தில் விதை வெங்காயத் தொழிலில் ரொம்ப காலம் இருந்தவன். பதில் சொல்வதற்கு முன்னால் மெஸ் அண்ணனிடம் ஒரு கேள்வி. விலை 30 ஆக இருந்தபோது ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்தீர்கள்? 120 ஆனபோது எவ்வளவு?

மதுரை மெஸ்

சாதாரண நாளில் 25 கிலோ. 120 ஆனதும் தயிர்ப் பச்சடியை நிறுத்தினேன். ஆம்லெட்டில் பாதி முட்டைக்கோஸ் போட்டோம். வெங்காய ஊத்தப்பத்தை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டேன். ஆனால் சாம்பாருக்கும் குருமாவுக்கும் சால்னாவுக்கும் போட்டே ஆக வேண்டும். எவ்வளவு இழுத்துப் பிடித்தும் 18 கிலோவுக்குக் கீழே போக முடியவில்லை.

லாசல்கான் பக்கம்

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது அண்ணே. முன்பு தினம் 750 ரூபாய்க்கு வெங்காயம் வாங்கினீர்கள். அப்புறம் 2,160 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். விலை நான்கு மடங்கானபோதும் நீங்கள் குறைத்தது 7 கிலோதான், அதாவது கால்வாசிக்குச் சற்று மேல்.

இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். சந்தைக்கு வரும் சரக்கில் கால்வாசி இல்லாமல் போய்விட்டது. அந்தக் கால்வாசியை யாராவது வாங்காமல் விட்டால்தான் இருப்பது எல்லோருக்கும் பங்காகும். விலை 40 ஆனால் நீங்கள் விடுவீர்களா? மாட்டீர்கள். 60 ஆனால் பச்சடியை மட்டும் நிறுத்துவீர்கள். வீடுகளும் அப்படித்தான். ஒரு கிலோ வாங்கும் வீடு முக்கால் கிலோவுக்கு இறங்க விலை ரொம்ப தூரம் ஏற வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தாளிப்பில் வெங்காயத்துக்கு மாற்றாக வேறு எதையும் போட முடியாது. தேவை அவ்வளவு பிடிவாதமாக இருக்கும்போது, வரத்துக்கும் வாங்குகிறவர்களுக்கும் சரியாகும் இடம்வரை விலை ஏறிக்கொண்டே போகும். யாரும் பூட்டி வைக்காவிட்டாலும் போகும்.

கத்தரிக்காய் விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? அன்று புடலங்காய் வைப்பீர்கள். அதனால்தான் கத்தரிக்காய் இப்படி நான்கு மடங்கில் நிற்பது அபூர்வம்.

தராசு

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் வெங்காயம் பயிராகும் பரப்பு எவ்வளவு! ஒரு மாநிலத்தில் மழை பெய்தால் நாடு முழுக்கக் கால்வாசி எப்படிக் குறையும்? இன்னொரு மாநிலம் இல்லையா? வருடக் கணக்கில் உற்பத்தி அவ்வளவு குறைந்ததா என்ன?

லாசல்கான் பக்கம்

நல்ல கேள்வி. வருடக் கணக்கில் குறையவே இல்லை. 2018-19-ல் நாட்டின் வெங்காய உற்பத்தி ஏறக்குறைய 2 கோடியே 28 லட்சம் டன். விலை உச்சத்துக்குப் போன 2019-20-ல் அது 2 கோடியே 61 லட்சம் டன். அதாவது கிலோ 120 விற்ற அந்தப் பயிர் ஆண்டில் முந்தைய ஆண்டைவிட அதிகமாக விளைந்தது.

வெங்காயத்தை வருடக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது. மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். மூன்று பருவம் இருக்கிறது. ராபி வெங்காயம் டிசம்பர், ஜனவரியில் நட்டு, மார்ச் கடைசியிலிருந்து மே வரை அறுவடை ஆகும். நாட்டின் உற்பத்தியில் பாதிக்கும் கணிசமாக மேலே இதுதான். வெயிலில் காய்ந்து, கழுத்து மூடி, தோல் அடுக்கடுக்காக இருக்கும். வைத்திருக்கத் தாங்குவது இந்தச் சரக்குதான். காரிப் பயிரை ஜூலை, ஆகஸ்டில் நட்டு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எடுப்பார்கள். மண்டிக்காரர் சொன்ன ஈர மூட்டை அதுதான். நடுவில் பின்காரிப் என்று ஒன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும்.

ஏப்ரல், மே மாதங்களில் எடுத்த ராபியை நாசிக் விவசாயிகள் காந்தா சாலில் கொட்டி வைப்பார்கள். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயர்த்திய நீளமான கொட்டகை, பக்கவாட்டில் மூங்கிலோ மரச்சட்டமோ இடைவெளி விட்டு அடித்து, மேலே ஓடு. வெங்காயத்தை நான்கைந்து அடி உயரத்துக்கு மேல் குவிக்க மாட்டார்கள், குவித்தால் அடியில் வேகும். இப்படி வைத்தும் நான்கைந்து மாதத்தில் எடை குறைந்தும் அழுகியும் முளைத்தும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு சாப்பிடுவது பெரும்பாலும் இந்தக் கொட்டகைகளிலிருந்துதான்.

செப்டம்பரில் கொட்டகை அடிமட்டத்துக்கு வரும். புதுக் காரிப் இன்னும் வந்திருக்காது. ஆபத்து முழுக்க இந்த இடைவெளியில்தான். மே மாதம் சரக்கு கால்வாசி குறைந்தால் கொட்டகைக்குப் போவது குறையும், கடையில் உடனே தெரியாது. அக்டோபர், நவம்பரில் குறைந்தால் ஈடுகட்ட எங்கேயும் இருப்பு இல்லை. புதிதாக நடலாம் என்றால் நாற்று விட்டு, நட்டு, எடுக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

பெரம்பலூர் காடு

எங்கள் ஊரில் போன மாதம் சின்ன வெங்காயம் காட்டிலேயே கிலோ 20-க்குத்தான் கேட்டார்கள். அறுப்புக் கூலி கூடத் தேறவில்லை. நீங்கள் எல்லோரும் 120 என்று பேசுகிறீர்கள். அந்த விலை எங்களுக்கு எப்போது வரும்? பட்டறையில் போட்டுச் சேமித்து வைக்கட்டுமா, விற்றுவிடட்டுமா?

மண்டிக் கணக்கு

அண்ணே, இங்கே பேச்சு பல்லாரி பற்றி. அதுவும் 2019 விலை. உங்கள் சரக்கு வேறு, அதன் பருவமும் வேறு. ஆனால் ஒன்று உண்டு. பல்லாரி எட்டாத விலைக்குப் போனால் ஓட்டல்காரர்களும் வீடுகளும் கொஞ்சம் சின்ன வெங்காயத்துக்குத் தாவுவார்கள், அதுவும் கூடவே ஏறும். 2019 டிசம்பரில் இரண்டுமே நூறைத் தாண்டி நின்றன. இப்போது பல்லாரி மலிவாக இருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குத் தூக்கிவிட ஆளில்லை.

பெரம்பலூர் காடு

பட்டறை கேள்விக்குப் பதில் வரவில்லையே.

லாசல்கான் பக்கம்

சரக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாதண்ணே. தாள் நன்றாகக் காய்ந்த, மழை படாத காய் என்றால் காற்றோட்டமான பட்டறையில் இரண்டு மூன்று மாதம் நிற்கும். அறுக்கும்போது மழை பட்டிருந்தாலோ, திருகல் நோய் விழுந்த காட்டுக் காய் என்றாலோ வைக்காதீர்கள். விலை ஏறுவதற்குள் எடை இறங்கிவிடும். விதைக்காய்க்கு ஆகும் காயை மட்டும் பிரித்து வைப்பது வேறு விஷயம், நடவுக் காலத்தில் அதற்கென்று தனித் தேவை வரும்.

2019 கதைக்கு வருகிறேன். அது மழையில் தொடங்கவில்லை, 2018 டிசம்பரில் தொடங்கியது. அப்போது நாசிக் சந்தைகளில் விலை பாதாளத்தில் கிடந்தது. நிபாட் பக்கத்து விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயத்துக்குக் கிடைத்த 1,064 ரூபாயைப் பிரதமருக்கே மணியார்டர் அனுப்பினார், செய்தியில் பார்த்திருப்பீர்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா. ராபி நடவு நடக்கும் காலம் அதுதான். கையில் அந்த விலையை வைத்துக்கொண்டு யார் கூடுதலாக நடுவார்கள்? மகாராஷ்டிரத்தில் அந்த வருடம் வறட்சி வேறு. அதனால் 2019 கோடையில் கொட்டகைக்குள் போன சரக்கே குறைவு.

அடுத்து பருவமழை தாமதமானது, காரிப் நடவு தள்ளிப்போனது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அறுவடை நேரத்தில் மழை கொட்டியது. தராசு கேட்ட ‘இன்னொரு மாநிலம்’ கர்நாடகம்தான், அதுவும் சேர்ந்தே அடிபட்டது. மூன்றும் அந்த இடைவெளியில் வந்து விழுந்தன. செப்டம்பர் 29 அன்று ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். அப்படியும் டிசம்பர் வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

தராசு

அப்படியென்றால் பதுக்கலே இல்லை என்கிறீர்களா? மழைச் செய்தி வந்த அன்றே நாசிக்கின் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கானில் விலை எகிறுகிறது. அன்று அழிந்தது இன்னும் இரண்டு மாதம் கழித்து வர வேண்டிய சரக்குதானே? இன்று கொட்டகையில் இருப்பது அப்படியேதானே இருக்கிறது?

லாசல்கான் பக்கம்

இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் எகிறல் உண்மை. ஆனால் அதைச் செய்வது பெரிய வியாபாரி மட்டும் இல்லை. கொட்டகையில் ஐம்பது குவிண்டால் வைத்திருக்கும் விவசாயி, காரிப் போய்விட்டது என்று கேட்டதும் இன்றைக்கு ஏற்ற வேண்டிய டிராக்டரை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார். நானே பார்த்திருக்கிறேன், அதில் தப்பும் சொல்ல மாட்டேன். முந்தைய வருடம் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர் அவர். இந்தப் பக்கம் வாங்குகிறவர்களும் நாளைக்கு இன்னும் ஏறும் என்று இரண்டு நாள் சரக்கைச் சேர்த்து எடுப்பார்கள். வரத்து சுருங்குகிறது, கேட்பது கூடுகிறது. உண்மையான பற்றாக்குறை வருவதற்கு முன்னாலேயே விலை ஏறத் தொடங்குவது இதனால்தான்.

இதில் ஒரு பயனும் உண்டு. செப்டம்பரிலேயே ஏறினால் மக்கள் செப்டம்பரிலேயே குறைப்பார்கள், அக்டோபருக்குக் கொஞ்சம் மிஞ்சும். சேமிப்பு எங்கே முடிகிறது, கொள்ளை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட என்னால் முடியாது. ஏலத்தில் சிலர் கூடிப் பேசி விலை வைக்கிறார்கள் என்ற புகாரை நாசிக் விவசாயிகளே சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் விலையை இறக்கி வாங்குகிறார்கள் என்று.

தராசு

இறக்கி வாங்கி ஏற்றி விற்பதைத்தானே நானும் சொல்கிறேன்.

யாழ் தோட்டம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இந்தியா ஏற்றுமதியை நிறுத்தினால் எங்களுக்கு அடுத்த கிழமையே தெரியும். எங்கட சந்தையில் பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி உங்களிடமிருந்துதான் வருகிறது. உள்ளூரில் தம்புள்ளைப் பக்கம் விளைவது சில மாதங்களுக்குத்தான் காணும். 2023 டிசம்பர் 8-ல் நீங்கள் தடை போட்டபோது இங்கே விலை எங்கேயோ போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் சிறப்பு அனுமதியில் 10,000 டன் தந்தீர்கள். மழை பெய்தது நாசிக்கில், வெங்காயம் இல்லாமல் சமைத்தது நாங்கள். தடையால் உங்கள் நாட்டில் விலை இறங்கியதா என்று அறிய விரும்புகிறேன்.

லாசல்கான் பக்கம்

2023-ல் நாசிக் மொத்த விலை சட்டென்று இறங்கியது, விவசாயிகள் ஏலத்தை நிறுத்திப் போராடினார்கள். வெளியே போக வேண்டிய சரக்கு உள்ளே திரும்புகிறது, விலை இறங்காமல் என்ன செய்யும்? 2019-ல் அப்படி இறங்கவில்லை, ஏனென்றால் திருப்பிவிட உள்ளே சரக்கே போதாது. அதே தடை, இருக்கிற இருப்பைப் பொறுத்து வேறு விளைவு. என் கருத்தில் தடையின் பெரிய கேடு அடுத்த பருவத்தில்தான் வரும். விலை ஏறும்போது வாசலை மூடுவார்கள், விழும்போது தாங்கிப் பிடிக்க யாரும் வர மாட்டார்கள் என்று விவசாயி கணக்குப் போட்டுவிட்டால் நடவு குறையும்.

மதுரை மெஸ்

ஏறியது புரிந்துவிட்டது. இறங்கியது ஏன் அவ்வளவு வேகம்? எகிப்து வெங்காயம் வந்ததாலா? எங்களுக்கும் வந்தது. ஒன்று கால் கிலோ இருக்கும், நறுக்கினால் காரமே இல்லை. குருமாவில் போட்டால் இனித்தது.

மண்டிக் கணக்கு

எகிப்து, துருக்கி இரண்டையும் நாங்கள் விற்றோம், ஒரு தடவை வாங்கியவர் மறுபடி கேட்கவில்லை. அரசு இறக்குமதி செய்தது வந்து சேர்வதற்குள் நம் சரக்கே வரத் தொடங்கிவிட்டது. மாநிலங்கள் வேண்டாம் என்று சொல்லி, துறைமுகத்திலேயே நிறையக் கிடந்தது. டிசம்பர் பாதிக்கு மேல் தினமும் ஒரு லாரி, இரண்டு லாரி என்று கூடியது. எங்கள் மண்டியில் ஒரே நாளில் கிலோவுக்கு 20 ரூபாய் இறங்கியதை எழுதியிருக்கிறேன். காலையில் எடுத்த சில்லறைக் கடைக்காரர் மறுநாள் நஷ்டத்துக்கு விற்றார்.

லாசல்கான் பக்கம்

இறங்கும்போதும் அதே 7 கிலோதான் வேலை செய்கிறது அண்ணே. விலை 120-லிருந்து 90 ஆனதும் நீங்கள் 25 கிலோவுக்குத் திரும்பிவிட்டீர்களா? இருக்காது. ஏறும்போது குறைக்கத் தயங்கியவர்கள் இறங்கும்போது கூட்டவும் மெதுவாகத்தான் கூட்டுவார்கள். அதனால் கூடுதலாக வந்த கொஞ்சம் சரக்கை விற்றுத் தீர்க்கவே விலையை நிறைய இறக்க வேண்டியிருக்கிறது.

அதோடு காரிப் சரக்கு காத்திருக்காது. விலை விழுகிறது என்று தெரிந்ததும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏற்றுவார்கள். காய் முற்றுமுன் பிடுங்கி அனுப்பியவர்களையும் அந்த டிசம்பரில் பார்த்தேன், கழுத்து விரல் தடிமன் இருக்கும்.

மூன்றாவது, 120 ரூபாயைப் பார்த்தவர்கள் நட்ட ராபி. 2018-ல் ஒன்றரை ரூபாயைப் பார்த்து நடாமல் விட்டவர்களே, 2019 டிசம்பரில் நாற்று எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். அந்தப் பயிர் 2020 கோடையில் வந்தது. வருட உற்பத்தி 2 கோடியே 61 லட்சம் டன் ஆனது அதனால்தான். மே மாதம் லாசல்கானில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போனது. ஊரடங்கில் ஓட்டல்கள் மூடியிருந்ததும் சேர்ந்துகொண்டது. 120-ஐப் பார்த்து நட்டவர்களுக்குக் கிடைத்தது அந்த விலை.

மதுரை மெஸ்

அப்போது அரசே வாங்கி வைத்திருந்து விற்றால் சரியாகாதா?

லாசல்கான் பக்கம்

வைக்கிறார்கள். 2019-ல் வைத்திருந்தது ஏறக்குறைய 57,000 டன். நாடு ஒரு நாளில் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதிலும் நிறைய அழுகியது. பிற்பாடு அளவை லட்சக்கணக்கான டன்னுக்குக் கூட்டினார்கள், 2023 ஆகஸ்டில் கிலோ 25 ரூபாய்க்கு விற்றார்கள். செப்டம்பரில் சரியான நேரத்தில் இறக்கினால் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும். அக்டோபரைத் தாண்டி வைத்தால் முளைத்த காயைத்தான் விற்க வேண்டிவரும்.

தராசு

இருப்பு எவ்வளவு, யாரிடம் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதை யாரும் சொல்வதில்லை. நான் அங்கேதான் நிற்கிறேன்.

மண்டிக் கணக்கு

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொட்டகைகளில் உண்மையில் எவ்வளவு கிடக்கிறது என்பது எங்களுக்கே தெரியாது. லாரி வருவதை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

மெஸ் அண்ணே, நீங்கள் ஆகஸ்ட் கடைசியில் வாங்க வரும்போது ஒன்று செய்யுங்கள். மூட்டையில் கை விட்டு நடுவிலிருந்து நான்கு காயை எடுத்து நறுக்கிப் பாருங்கள். நடுக் குருத்து பச்சை கட்டியிருந்தால் கொட்டகைச் சரக்கு முடிவுக்கு வருகிறது என்று அர்த்தம். அந்தச் சமயம் கர்நாடகப் புதுக்காய் வரத்து தொடங்கிவிட்டதா என்று எங்களைக் கேளுங்கள். குருத்தும் பச்சை, புதுக்காயும் இல்லை என்றால் நல்ல காய்ந்த சரக்காகப் பார்த்து மூன்று வாரத்துக்கு எடுத்து, மூட்டையை அவிழ்த்து, காற்றாடும் இடத்தில் பரப்பிவிடுங்கள். அதற்கு மேல் எடுக்காதீர்கள், உங்கள் மெஸ்ஸில் வைக்க இடமும் கிடையாது, தாங்கவும் தாங்காது.

பெரம்பலூர் காடு

பாதியை விற்றுவிட்டேன். காய்ந்த காயை மட்டும் பட்டறை போட்டிருக்கிறேன். விதைக்காய் விலை ஐப்பசி நடவுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.